பட்டா, போலியா? குஞ்சத்து நூலை மட்டும் எரித்துப் பார்த்தால் போதாது

கேள்வி: அக்கா கல்யாணத்துக்கு 8,500 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்கினோம். கடையில் ‘பியூர் காஞ்சிபுரம் பட்டு’ என்றார்கள், பில்லில் ‘சில்க் சாரி’ என்று மட்டும் இருக்கிறது. எடை 640 கிராம், அகலமான சரிகை பார்டர். முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்து எரித்தேன், முடி கருகும் வாசம் வந்தது. அப்போ சுத்தப் பட்டுதானே? தொட்டுப் பார்த்தோ பளபளப்பை வைத்தோ வேறு எப்படி உறுதி செய்வது?

பதில்: நீங்கள் செய்தது நல்ல சோதனைதான். ஆனால் நூலை எடுத்த இடம் போதாது. முடி கருகும் வாசம் வந்ததால் குஞ்சத்து நூலில் பட்டு இருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். புடவை முழுக்கப் பட்டா என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நான் நெசவுக் குடும்பத்தில் வளர்ந்தவன், பல வருடமாகப் பட்டுப் புடவை கொள்முதலில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாங்கியவர்கள் ஏமாந்த கதைகளில் நான் அதிகம் பார்த்தது, முழுப் போலியைப் பட்டு என்று நம்பியது அல்ல. பாதி பட்டாக இருந்த புடவையை, பட்டாக இருந்த அந்தப் பாதியை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகப் பெட்டியில் வைத்ததுதான்.

ஏன் என்று சொல்கிறேன். புடவையில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் தனித்தனி நூல், தறிக்குத் தனித்தனியாக வருபவை. முந்தானையில் தொங்கும் குஞ்சம் என்பது ஊடை போடாமல் விட்ட பாவு நூல்தான். அதில் ஊடை ஒரு இழை கூட இருக்காது. அதாவது குஞ்சத்தில் நூறு நூலை எடுத்து எரித்தாலும் ஊடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கலப்படம் செய்கிறவர்களுக்கு வசதியான இடமும் ஊடைதான், ஏனென்றால் பாவை மாற்றினால் தறியின் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும், ஊடையை மாற்ற, குறுக்கே ஓடி ஊடையைப் போடும் நாடாவில், வேறு நூல் சுற்றிய தார் என்ற சின்னக் குழலைப் போட்டால் முடிந்தது. பட்டுப் பாவில் பாலியஸ்டர் ஊடையோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் ஊடையோ போட்டு நெய்தால் மேல் பார்வைக்கு, அதுவும் பாவு மேலே தெரிகிற நெசவில், பட்டு மாதிரியே இருக்கும்.

காஞ்சிபுரம் புடவையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய முறைப்படி நெய்த புடவையில் முந்தானை வேறு நிறமாக இருந்தால், உடல் பாவோடு முந்தானைப் பாவை இழை இழையாகச் சேர்த்து நெய்வார்கள். இதைப் பெட்னி என்பார்கள். உடலும் முந்தானையும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவினால் சற்றுத் தடித்த ஒரு கோடு தட்டுப்படும், இரண்டு பாவும் அந்தக் கொஞ்ச இடத்தில் ஒன்றாகப் போவதால் வருவது அது. உங்கள் புடவையில் பெட்னி இருந்தால், குஞ்சத்து நூல் உடலின் பாவு கூட இல்லை, முந்தானைப் பாவு மட்டும்தான். பெட்னி இல்லையென்றால் ஒரே பாவுதான் முழு நீளத்துக்கும் ஓடுகிறது, அப்போது உங்கள் சோதனை உடலின் பாவுக்கும் பொருந்தும். அப்புறம் இன்னொன்று, இப்போதெல்லாம் குஞ்சத்தைத் தனியாக வேறு நூலில் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் எடுத்த நூல் துணிக்குள்ளிருந்தே வருகிறதா, அல்லது ஓரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியதா என்று முதலில் பாருங்கள். கட்டியதாக இருந்தால் அந்தச் சோதனையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

சரி, ஊடை நூலை எங்கே எடுப்பது? முந்தானைக்கு எதிர்முனையில், தறியிலிருந்து அறுத்த ஓரம் இருக்கும். பெரும்பாலும் அங்கேதான் ரவிக்கைத் துணி வரும். அந்த ஓரத்தில் ஊசி முனையால் குறுக்கு நூல் ஒன்றைக் கிளப்பி மெதுவாக இழுத்தால் வந்துவிடும், துணிக்கு ஒன்றும் ஆகாது. ரவிக்கையும் உடலும் ஒரே நிறமென்றால் அநேகமாக ஒரே ஊடைதான். ரவிக்கை வேறு நிறமென்றால் அதன் ஊடையும் வேறு, உடலின் ஊடையைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். அதற்குப் புடவையைப் பின்பக்கம் திருப்பி, பார்டரும் உடலும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பொறுமையாகப் பாருங்கள். தார் தீர்ந்து புதுத் தார் மாற்றிய இடத்தில் கால் அங்குலம், அரை அங்குலம் நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் வெளியே இருக்கும் அளவுக்கு மட்டும் நறுக்கிக்கொள்ளலாம். ஒரு முனை போதாது, நாலைந்து இடத்தில் எடுத்தால்தான் எரித்துப் பார்க்கிற அளவுக்குத் தேறும். ரவிக்கையைத் தயவுசெய்து இப்போதைக்கு வெட்டாதீர்கள், ஃபால்ஸும் தைக்காதீர்கள். வெட்டிய புடவையைத் திருப்பிக் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் பேச இடமிருக்காது.

எரிக்கும்போது எல்லாரும் வாசத்தை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு வாசத்தைவிடச் சாம்பல்மேல்தான் நம்பிக்கை. பட்டு ஒரு புரதம், நம் முடியும் புரதம், அதனால்தான் வாசம் ஒன்றாக இருக்கிறது. ஆனால் பட்டும் பாலியஸ்டரும் கலந்த நூலை எரித்தாலும் மூக்கு முடி வாசத்தைத்தான் முதலில் பிடிக்கும், பட்டு குறைவாக இருந்தாலும் அது தூக்கலாகத் தெரியும். எனவே இப்படிச் செய்யுங்கள். ஒரே வகை நூல் எட்டுப் பத்து இழையை இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்குச் சேர்த்து முறுக்கி, ட்வீசரில் பிடித்து, கீழே தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு, மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். தீக்குச்சி வேண்டாம், அதன் மருந்து வாசம் குழப்பும். பட்டு சுடரில் மெதுவாகச் சுருண்டு கருகும், சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். மிஞ்சுவது கறுப்பாகச் சின்ன உருண்டை மாதிரி இருக்கும், ஆனால் ஆறியதும் இரண்டு விரலுக்கு இடையில் வைத்து நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியஸ்டர் சுடர் பட்டதும் எரிவதற்கு முன்பே உருகிப் பின்வாங்கும், கரும்புகை வரும், ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும், நகத்தால் அழுத்தினாலும் நசுங்காது. விஸ்கோஸ் காகிதம் எரிவது போலச் சட்டென்று பற்றும், சுடரை எடுத்த பிறகும் நுனியில் கங்கு ஓடும், வாசமும் காகித வாசம், சாம்பல் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். முடி வாசமும் வந்து, நசுக்க முடியாத கெட்டி மணியும் நின்றால் அது கலப்பு நூல். பாவை ஒரு முறை, ஊடையை ஒரு முறை, தனித்தனியாக எரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கி எரித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எரிப்பதில் கைப்பழக்கம் கொஞ்சம் வேண்டும். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் அதிகம் சொல்வது ப்ளீச் சோதனை, ஏனென்றால் அதில் மூக்கின் தீர்ப்புக்கு வேலையில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ ப்ளீச் கடையில் கிடைக்கிறதே, பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும், அதுதான் வேண்டும். அது பட்டைக் கரைத்துவிடும். பாலியஸ்டரையும் விஸ்கோஸையும் பருத்தியையும் அரை மணி நேரத்துக்குள் கரைக்காது. ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் இரண்டு மூன்று ஸ்பூன், தண்ணீர் கலக்காமல் ஊற்றி, ஊடை நூல் ஒரு துண்டைப் போடுங்கள். இன்னொரு டம்ளரில் பாவு நூல். மூன்றாவதில், பட்டு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த நூல் ஏதாவது, பாட்டியின் பழைய கூறைப்புடவை ஓரத்து நூல் போதும். இந்த மூன்றாவது டம்ளரை விட்டுவிடாதீர்கள். ப்ளீச் பாட்டில் பழசாக ஆக அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும், வீரியம் போன ப்ளீச்சில் பட்டே கரையாமல் கிடக்கும், நீங்கள் நல்ல புடவையைப் போலி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பழைய பட்டு நூல் கரைந்தால் ப்ளீச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சில நிமிடத்தில் நிறம் போகும். அது எல்லா நூலிலும் நடக்கலாம், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். பிறகு பட்டு நூலைச் சுற்றி நுண்ணிய குமிழ்கள் வரும், நூல் வழவழப்பாகி இழை இழையாகப் பிரியும், அரை மணி நேரத்துக்குள் குச்சியால் கலக்கினால் நூல் இருந்த இடமே தெரியாது. நூல் வெளுத்துப்போய் அப்படியே கிடந்தால் அது பட்டில்லை. பாதி கரைந்து மெல்லிய இழைகள் மட்டும் மிஞ்சினால் கலப்பு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், கழிவறை கழுவும் ஆசிட்டோ வினிகரோ அதனோடு ஒரு சொட்டு கூடச் சேரக்கூடாது, விஷவாயு வரும். புடவையை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள், ஒரு துளி தெறித்தாலும் அந்த இடம் ஓட்டைதான்.

தொட்டுப் பார்ப்பதும் பளபளப்பும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவை சந்தேகத்தைக் கிளப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது என்பது என் கருத்து. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும், அதனால் ஒளி பல பக்கம் சிதறி, ஆழமான மென்மையான மினுமினுப்பு வருகிறது. மலிவான பாலியஸ்டர் ட்யூப்லைட் அடியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை மினுக்கலாக இருக்கும். ஆனால் முக்கோண வடிவிலேயே பாலியஸ்டர் இழையும் தயாரிக்கிறார்கள், அதைக் கண்ணால் பிரிப்பது தொழிலில் இருப்பவர்களுக்கே கஷ்டம். ‘சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறினால் அசல் பட்டு’ என்று சொல்வதை நம்பவே வேண்டாம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் எந்த நூலில் நெய்தாலும் அந்த இரட்டை நிறம் வரும். புதுப் பட்டைக் கசக்கினால் வரும் சரசரப்பும் அப்படித்தான், அது மென்மையான அமிலத்தில் பட்டை அலசுவதால் வருவது, அப்படி அலசாத அசல் பட்டு சத்தமே போடாது. மோதிரத்துக்குள் புடவையை இழுப்பது நூல் எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் காட்டும். மெல்லிய பாலியஸ்டர் சுலபமாக வந்துவிடும், கனமான காஞ்சிபுரம் பட்டு வராது. அதற்காகச் சரிகையைக் கசக்காதீர்கள்.

தொடுதலில் நான் மதிக்கும் ஒரே விஷயம் ஈரம். பட்டு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் ஏறக்குறைய வாங்காது. அதனால் புடவை மடிப்பை உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் இறுக்கிப் பிடித்தால் பாலியஸ்டர் என்றால் கை புழுங்கி வியர்வை வழுக்கும், பட்டு என்றால் கை காய்ந்தே இருக்கும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. விஸ்கோஸும் ஈரத்தை நன்றாகவே வாங்கும், இந்தச் சோதனையில் அது பட்டாகத் தேறிவிடும். கடைகளில் ஆர்ட் சில்க் என்று விற்பதில் நிறைய விஸ்கோஸ்தான். ஆர்ட் என்பது கலை இல்லை, செயற்கை என்பதன் சுருக்கம்.

இப்போது உங்கள் விலைக்கு வருவோம், இது எனக்குத் தெளிவாகத் தெரிகிற பகுதி. 640 கிராமில் அகலமான பார்டருக்கும் முந்தானைக்கும் சேர்த்துச் சரிகை 140 கிராம் என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 500 கிராம் நூல். கச்சாப் பட்டு அண்மை ஆண்டுகளில் கிலோ நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம், 4,500 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் போடும் முன் கச்சாப் பட்டை வேகவைத்துப் பசையை நீக்கும்போது எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். ஆக 500 கிராம் பட்டு புடவையில் இருக்க வேண்டுமென்றால் 650 கிராம் அளவுக்குக் கச்சாப் பட்டு வாங்க வேண்டும், கிட்டத்தட்ட 2,900 ரூபாய். இதன்மேல் முறுக்குக் கூலி, சாயக் கூலி, நெசவுக் கூலி, சரிகை, கடை லாபம், வரி. விசைத்தறியில் நெய்து, சாதாரணச் சரிகை போட்டால் 8,500-க்குள் சுத்தப் பட்டு நூலில் ஒரு புடவை தர முடியும். எனவே விலையை வைத்து உங்கள் புடவை பட்டில்லை என்று நான் சொல்லமாட்டேன். இதே எடையில் 2,000 ரூபாய்க்குச் சுத்தப் பட்டு என்று யாராவது விற்றால் சோதிக்கவே வேண்டியதில்லை, நூல் விலைக்கே கட்டாது.

ஆனால் அதே கணக்கு இன்னும் இரண்டைச் சொல்கிறது. சரிகை வெள்ளிச் சரிகையாக இருக்காது. அசல் சரிகையில் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசுவார்கள். 140 கிராம் அசல் சரிகையில் பாதி வெள்ளி என்று வைத்தாலும் 70 கிராம் வெள்ளி வருகிறது, இன்றைய வெள்ளி விலையில் அது ஒன்றே புடவை விலையைத் தின்றுவிடும். சரிகை இழை ஒன்றைப் பின்பக்கம் எடுத்து, பிளேடு முனையால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். முலாமுக்கு அடியில் செம்பு நிறம் தெரிந்தால் செம்புச் சரிகை, படலமாக உரிந்து வந்தால் பிளாஸ்டிக் சரிகை, வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளியாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன், செம்பின்மேல் முதலில் வெள்ளி முலாம், அதன்மேல் தங்க நிறம் பூசியதும் உண்டு, அதில் இன்னும் ஆழமாகச் சுரண்டினால்தான் செம்பு வரும். உள்ளே சிவப்பு நூல் தெரிகிறது, அதனால் அசல் என்பதும் சரியில்லை, எந்த நூலுக்கும் சிவப்புச் சாயம் போடலாம். சரிகையை உறுதியாகத் தெரிந்துகொள்ள, தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி போன்ற ஒன்றில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அது கோர்வைக் கைத்தறியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பார்டருக்கும் ஒவ்வொரு நாடா என்று மூன்று நாடாவில், பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார்ந்து நாட்கணக்கில் நெய்வது. அந்தக் கூலியைக் கொடுத்து இந்த விலைக்கு இந்த எடையில் விற்க முடியாது. கோர்வை இல்லையென்றால் போலி என்று நினைக்காதீர்கள், விசைத்தறியில் நெய்ததும் நூல் சரியாக இருந்தால் பட்டுதான். நூலை எரித்தாலும் ப்ளீச்சில் போட்டாலும் கைத்தறியா விசைத்தறியா என்பது தெரியாது, அது வேறு கேள்வி.

கடையில் சில்க் மார்க் அட்டை கொடுத்தார்களா என்று பாருங்கள். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்தது அது, ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும், அந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த அட்டை நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு. சரிகைக்கோ கைத்தறி என்பதற்கோ அது உத்தரவாதம் இல்லை, அப்படிக் காட்டி விற்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அட்டை புடவையோடு நூலில் கோத்திருக்க வேண்டும், மேசை டிராயரிலிருந்து எடுத்துத் தருவதற்கு மதிப்பில்லை.

உங்கள் நிலையில் நான் என்றால், இன்றே ரவிக்கை ஓரத்திலிருந்தும் பின்பக்க முனைகளிலிருந்தும் ஊடை நூல் எடுத்து, முதலில் ப்ளீச், அப்புறம் சுடர் என்று இரண்டையும் பார்ப்பேன். இரண்டும் பட்டு என்று சொன்னால், பாவு நூலும் அதே சோதனைகளில் தேறினால், நூல் சம்பந்தப்பட்டவரை 8,500 நியாயமான விலைதான், பெட்னி இருந்தால் உடல் பாவையும் மறக்காமல் பாருங்கள். ஊடை கரையாமல் கிடந்தால் மிச்ச நூலை ஒரு கவரில் போட்டு, வெட்டாத புடவையோடும் பில்லோடும் கடைக்குப் போய், ‘சுத்தப் பட்டு, பாவும் ஊடையும்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதற்கு முன்னால் மத்திய பட்டு வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் நூலைக் கொடுத்து அறிக்கை வாங்கி வைப்பது நல்லது, டம்ளரில் கரையாத நூலைக் காட்டி வழக்காட முடியாது, அறிக்கையைக் காட்டி முடியும்.